நோட்டில் தொகை இருக்கிறது, தேதி இல்லை

கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எம்.பி.ஏ. விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். தாத்தா கடை ஆரம்பித்தார், அப்பா கஷ்டப்பட்டு வளர்த்தார், நான் படித்துவிட்டு வந்து ஒரு செயலி செய்து, ஊர் முழுக்க வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுத்து, ஐந்து ஆண்டில் பத்துக் கிளை திறப்பேன். இதைப் படிக்கும் பேராசிரியருக்கு அந்தக் கடையில் என்ன விற்கிறது என்றுகூடத் தெரியாது. அரிசியா, ஆணியா?

கடையை நவீனப்படுத்தப் போவதாக எழுதுகிறவர், எதை மாற்றப் போகிறார் என்று ஒரே ஒரு பொருளைத் தொட்டுக் காட்ட வேண்டும். அது இன்றைக்கே கடையில் இருக்கிற பொருளாகவும், விண்ணப்பிக்கும் முன்பே அளந்து பார்க்கக்கூடியதாகவும் இருந்தால் நல்லது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள மளிகைக் கடைகளில் அப்படி ஒரு பொருள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதுதான் பற்று நோட்டு. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு நோட்டைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒன்று. விளக்கக் கடிதம் எல்லா இடத்திலும் கேட்கப்படுவதில்லை. புதுச்சேரியில் சென்டாக் வழியாக பி.பி.ஏ., பி.காம். சேருகிறவர்களுக்கு மதிப்பெண்தான் பேசும். கடிதத்துக்கு அங்கே வேலை இல்லை. முதுநிலை மேலாண்மைப் படிப்புகளில், நுழைவுத் தேர்வுக்குப் பிறகு நேர்காணல் நடத்தும் இடங்களிலும், மும்பை எஸ்.பி. ஜெயின் போலக் குடும்பத் தொழில் பிள்ளைகளுக்கென்றே தனிப் படிப்பு நடத்தும் இடங்களிலும்தான் இது எடைபோடப்படும். கடிதத்தை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருந்தாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். கடைக்கணக்கு தமிழில் நடக்கிறது. அதைத் தமிழில் யோசித்தால்தான் பொய் எழுத வராது.

சரி, நோட்டுக்கு வருவோம். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் சாலையோரம் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கடை நான் அமைத்த மாதிரி. எண்கள் கணக்கு விளங்குவதற்காக உருண்டையாக வைத்தவை. உங்கள் கடையின் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் விற்பனை 12,000 ரூபாய், மாதத்துக்கு 3,60,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,20,000, நோட்டில் எழுதிக் கொடுப்பது. கடைக்காரர் மகள் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நோட்டைக் கூட்டிப் பார்க்கிறாள். 64 வீட்டுக் கணக்கு, வெளியே நிற்பது 2,10,000 ரூபாய்.

இங்கே எல்லாரும் ஒரு வகுத்தலைப் போட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு நாளைக்குக் கடன் விற்பனை 4,000. 2,10,000ஐ 4,000ஆல் வகுத்தால் 52 நாளுக்குச் சற்று மேல். ‘எங்கள் கடையில் கடன் திரும்ப 52 நாள் ஆகிறது, இதை 30 ஆக்குவேன்’ என்று எழுதிவிடலாம். பாடப்புத்தகத்துக்கு இது போதும். ஆனால் அந்த 52 நாளில் பணம் கொடுக்கிற வீடு ஒன்றுகூட அந்த ஊரில் இருக்காது.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் மூன்று விதமான கணக்கு தெரியும். சேதராப்பட்டு, திருபுவனைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் ஒரு வகை. அவர்களுக்கு மாதத்தின் 7ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குள் சம்பளம் வரும். வந்ததும் போன மாதக் கணக்கைத் தீர்ப்பது வழக்கம். இவர்கள் 38 வீடு, பாக்கி 78,000. நெல் போடுகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டாவது வகை. 19 வீடு, பாக்கி 96,000. இவர்கள் நடுவில் நூறு, ஐந்நூறு என்று கொடுத்தாலும், சம்பா அறுத்த பிறகு தையில்தான் கணக்கு நேராகும். மூன்றாவது வகையை நோட்டிலேயே அடையாளம் காணலாம். கடைசி வரி நாலைந்து மாதத்துக்கு முந்தியது, அதற்குக் கீழே பக்கம் வெள்ளை. ஏழு வீடு, 36,000. அவர்கள் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்கள்.

முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வீடுகள் மாதம் 90,000க்கு வாங்குகின்றன, நாளைக்கு 3,000. பாக்கி 78,000 என்றால் 26 நாள் கணக்கு. நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எந்தத் தேதியில் கூட்டினீர்கள்? 5ஆம் தேதி கூட்டியிருந்தால், ஒருவர்கூடத் தாமதிக்காவிட்டாலும் போன மாதம் முழுவதும் இந்த மாதம் ஐந்து நாளும் சேர்ந்து 35 நாள் பாக்கி நிற்கும். அப்போது 26 என்பது அருமையான எண். 12ஆம் தேதி, சம்பளம் வந்து கணக்குத் தீர்ந்த பிறகு கூட்டினால், நிற்க வேண்டியது இந்த மாதத்தின் 12 நாள் மட்டும்தான், 36,000 ரூபாய். நிற்பதோ 78,000. நடுவில் இருக்கும் 42,000தான் உண்மையான தாமதம்.

நம் மகள் கூட்டியது 12ஆம் தேதி. ஆகவே 2,10,000 என்ற பெரிய தொகைக்குள் அவளால் கை வைக்க முடிவது இந்த 42,000. விண்ணப்பத்தில் எழுத வேண்டிய எண் இதுதான். சின்ன எண்ணாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது ஏன் தாமதமாகிறது என்ற கேள்வி. அப்பாவைக் கேட்டால், ‘கொடுத்துடுவாங்கம்மா, எங்க போயிடப் போறாங்க’ என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். சிக்கல் நோட்டின் அமைப்பில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பெயர், அதன் கீழே வாங்கிய நாள், தொகை. பணம் கொடுத்தால் கழித்து மீதியை எழுதி வட்டம் போடுவது. அந்த மீதியில் எவ்வளவு இந்த மாதத்தது, எவ்வளவு மூன்று மாதம் பழையது என்பது கழிக்கும்போதே கரைந்துபோகிறது. 2,800 பாக்கிக்கு 2,000 கொடுத்து 800 நிற்கிறது. மறுமாதம் புதிதாக 3,100க்கு வாங்கி, 2,500 கொடுக்கிறார்கள். மாதாமாதம் பணம் வருகிறது, மாதாமாதம் கொஞ்சம் தங்குகிறது. வட்டத்துக்குள் இருக்கும் எண் மெல்ல ஏறுவது கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் போன மாத வட்டம் ஆறு பக்கம் பின்னால் இருக்கிறது.

அவள் செய்யப்போகும் நவீனமயமாக்கல் இவ்வளவுதான்: ஒவ்வொரு மாதப் பற்றையும் தனி வரியாக்கி, அதற்குத் தீர்க்க வேண்டிய தேதி ஒன்று போடுவது. வரும் பணத்தை எப்போதும் பழைய மாதத்திலிருந்து கழிப்பது. கணினியிலோ போனிலோ உள்ள அட்டவணைத் தாளில் ஐந்து பத்தி போதும்: வீட்டின் குறியீடு, மாதம், வாங்கிய தொகை, தீர்க்க வேண்டிய தேதி, மீதி. தேதி நான்காவது பத்தியிலும் மீதி ஐந்தாவதிலும் இருந்தால், எத்தனை நாள் தாண்டிவிட்டது என்பதை இந்த வரி சொல்லும்:

```
=IF(AND(E2>0,TODAY()>D2),TODAY()-D2,0)
```

இதற்குச் செயலி வேண்டாமா? கடன் கணக்கு எழுதும் செயலிகள் சந்தையில் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்று செய்வதாக எழுதினால் நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். தேதி எப்படி வைக்கப்படுகிறது என்பதில்தான் அவள் யோசனையின் சத்து. கம்பெனி வீட்டுக்கு மறுமாதம் 10. வயல் வீட்டுக்கு அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் வாரம். முப்பது, அறுபது, தொண்ணூறு என்று பாடப்புத்தகம் வகுக்கும் அடுக்குகளில் போட்டால் பாகூர் விவசாயி ஆண்டு முழுக்கத் தவறியவராகத் தெரிவார். மாதம் 10,000 சம்பாதிப்பவர் மூன்று மாதம் சேர்த்து வைத்த பாக்கி அதே அடுக்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகத் தெரியும்.

இந்த மாற்றம் எங்கே சறுக்கும் என்பதையும் எழுத வேண்டும். கடிதத்தில் பலர் விடுவது இந்த இடத்தைத்தான்.

ஒன்று, யு.பி.ஐ. பாட்டி பெயரில் பற்று. பணம் போடுவது சென்னையில் இருக்கும் பேரன், அவன் எண்ணிலிருந்து. கடையில் ஒலிப்பெட்டி ‘ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சொல்லிவிட்டு ஓய்கிறது. அந்த நேரத்தில் அப்பா எண்ணெய் அளந்துகொண்டிருக்கிறார். நோட்டில் கழிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பாட்டியிடம் பாக்கி கேட்டால் கடையின் பேரே கெடும். ஆகவே ஒவ்வொரு ராத்திரியும் வங்கிக் கணக்கில் வந்ததையும் நோட்டில் கழித்ததையும் வரிவரியாக ஒத்துப் பார்க்கும் பத்து நிமிட வேலை இதன் கூடவே வந்தாக வேண்டும். எந்த எண் எந்த வீட்டுக்கு என்று ஒரு பட்டியலும் வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை யார் உட்கார்ந்து செய்வது என்பதைச் சொல்லாத திட்டம் மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

இரண்டு, நினைவூட்டும் குறுஞ்செய்தி. வீட்டுக்காரம்மா வாங்கிய பற்றுக்கு வீட்டுக்காரர் போனில் செய்தி போகிறது. சில வீட்டில் அது சண்டையில் முடியும். எந்த எண்ணுக்கு அனுப்பலாம், அனுப்பவே வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

மூன்று, வாடிக்கையாளர் கையில் இருக்கும் சின்ன நோட்டு. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டு நோட்டு வைத்து, வாங்கும்போதெல்லாம் இரண்டிலும் எழுதுவது பழைய பழக்கம். நவீனம் என்று சொல்லி அந்தச் சின்ன நோட்டை ஒழித்துவிடக் கூடாது. அது அவர்கள் பக்கத்துச் சாட்சி. சட்டமும் இந்த இடத்தில் கடைக்காரரின் எழுத்தை மட்டும் நம்புவதில்லை. முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகம் சாட்சியமாக ஏற்கப்படும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்திவிட முடியாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடியும் முன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கெடு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். மளிகைக் கடைக்காரர் 2,000 ரூபாய்க்குக் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை, தையில், பாக்கித் தொகைக்குக் கீழே ஒரு கையெழுத்து வாங்குவது அவள் திட்டத்தில் ஒரு வரியாக இருந்தால், நோட்டை அவள் உண்மையிலேயே திறந்து பார்த்திருக்கிறாள் என்று படிப்பவருக்குத் தெரியும்.

இப்போது லாபத்துக்கு வருவோம். 42,000 முழுவதும் திரும்பாது. பாதி, 21,000 கைக்கு வந்தால் என்ன ஆகும்? கடைக்கு வாங்கிய கடனுக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2,520 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் மொத்த வியாபாரியிடம் ரொக்கமாகச் சரக்கெடுத்து 2 சதவீதம் தள்ளுபடி கிடைத்தால், மாதம் ஒரு முறை சுற்றினால்கூட ஆண்டுக்கு 5,040. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், இரண்டையும் கூட்டக் கூடாது. ஒரே பணம் வட்டிக் கடனையும் அடைத்து, சரக்கும் எடுக்காது.

இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டால், மூன்றாவது வகைக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்த ஏழு வீட்டில் 36,000 போய்விட்டது. நூறு ரூபாய் விற்றால் பத்து ரூபாய் நிற்கும் கடையில், 36,000ஐ ஈடுகட்ட 3,60,000க்கு விற்க வேண்டும். ஒரு முழு மாதம் கடை திறந்து, கட்டி, மூட்டை தூக்கி, அத்தனையும் அந்த ஏழு பக்கத்துக்காக. ஏழு பக்கத்தையும் பின்னோக்கிப் படித்தால் ஒரே மாதிரி இறங்கியிருக்கும். முதலில் முழுதும் தீர்த்தார்கள், பிறகு ஆயிரம், ஐந்நூறு என்று மட்டும் கொடுத்தார்கள், அதே சமயம் வாங்குவது கூடியது, பிறகு நின்றது. தேதிப் பத்தி இருந்திருந்தால் இரண்டாவது சம்பளத் தேதி தவறியபோதே தெரிந்திருக்கும். அவள் வைக்கும் விதி: தொடர்ந்து இரண்டு தேதி தவறினால் பற்றை நிறுத்துவதில்லை, ஆனால் அதற்கு மேல் ஏற விடுவதில்லை, கொடுக்கிற அளவுக்கு வாங்கலாம். ஊருக்குள் கடை நடத்துகிறவருக்கு ‘இல்லை’ என்பதைவிட இது சொல்ல எளிது.

இதையெல்லாம் எழுதும் முன் நடத்திப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் 12ஆம் தேதிகளில் மூன்று முறை கூட்டினாலே போதும். 42,000 இருந்தது 38,000 ஆகி, பிறகு 29,000 ஆனது என்று வையுங்கள். கடைசி இறக்கத்தைக் கண்டு துள்ள வேண்டாம். நடுவில் தீபாவளி போனஸ் வந்திருக்கிறது. நோட்டு மாறாத வருடத்திலும் அந்த மாதம் பாக்கி இறங்கும். போன வருடத்து நோட்டு பரணில் இருந்தால் எடுத்து அதே தேதிக்குக் கூட்டி ஒப்பிடுங்கள். இல்லையென்றால், ‘இதில் போனஸின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை’ என்றே எழுதுங்கள்.

நேர்காணலில் இரண்டு கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும். முதலாவது விற்பனை எண்ணிலிருந்தே வரும். மாதம் 3,60,000 என்று எழுதியதும் எதிரே இருப்பவர் மனத்துக்குள் பன்னிரண்டால் பெருக்கிவிடுவார்: 43,20,000. ‘ஜி.எஸ்.டி. பதிவு உண்டா?’ சரக்கு விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். புதுச்சேரி 20 லட்சத்திலேயே நின்றுகொண்டது. பாகூர்ப் பக்கம் எல்லை வயலுக்கு வயல் மாறும். வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அங்கே 30 லட்சத்துக்கு விற்கும் கடைக்குப் பதிவு தேவையில்லை, இந்தப் பக்கம் தேவை. நாளைக்கு ஏறத்தாழ 5,500 ரூபாய்க்கு விற்றாலே 20 லட்சம் வந்துவிடும். ஒன்றரைக் கோடிக்குள் விற்கும் வியாபாரிகள் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்து 1 சதவீதம் கட்டலாம், ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. அப்பா எதில் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு விற்பனை எண்ணை எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. ‘இதற்கு ஒரு நோட்டும் ஐந்து பத்தியும் போதுமே. எம்.பி.ஏ. எதற்கு?’

பதில் இரண்டாவது வகைக் கணக்கில் இருக்கிறது. நான் வேண்டுமென்றே அதைத் தொடாமல் வந்தேன். 19 விவசாய வீடு, 96,000 ரூபாய். கம்பெனி வீடுகளில் ஒருவருக்கு வேலை போனால் மற்ற 37 வீடும் கொடுக்கும். வயல் வீடுகள் அப்படி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. அப்படிப்பட்ட ஒரு வருடத்தில் தை மாதத் தேதி 19 வீட்டுக்கும் ஒன்றாகத் தவறும். தேதிப் பத்தி அன்றைக்கு 19 வரியையும் சிவப்பாகக் காட்டும். என்ன செய்வது என்று சொல்லாது. இரண்டு தேதி தவறினால் ஏற விடாதே என்ற விதியை அவர்கள் மேல் போட்டால், அடுத்த நடவுக்குள் 19 வீடும் வேறு கடைக்குப் போய்விடும். போடாவிட்டால் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

நல்ல வருடத்தில் எவ்வளவு ஒதுக்கி வைத்தால் அந்த ஒரு கெட்ட வருடத்தைத் தாங்கலாம்? ஒரே மழையில் நனையும் கடன்கள் மொத்தக் கடனில் எத்தனை பங்குவரை இருக்கலாம்? விதை, உரக் கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதை எப்படிக் கணக்கிடுகின்றன? இது நோட்டில் தீராத கணக்கு. ‘இதைக் கற்றுக்கொள்ள வருகிறேன்’ என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு மறுகேள்வி கேட்கத் தோன்றும். அந்த மறுகேள்வியில்தான் நேர்காணல் நடக்கும்.

இத்தனையும் சேர்ந்து கடிதத்தில் ஒரு பத்தியாகத்தான் வரும். அவள் எழுதியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“எங்கள் கடையின் கடன் நோட்டில் 64 வீடுகள். செப்டம்பர் 12 அன்று சம்பளக்கார வீடுகளில் மட்டும் தேதி தாண்டி நின்றது 42,000 ரூபாய். ஒவ்வொரு மாதப் பற்றுக்கும் தனித் தேதி வைத்து, வரும் பணத்தைப் பழைய மாதத்தில் கழித்து, இரவில் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தேன். நவம்பர் 12 அன்று அது 29,000. போனஸ் மாதம் என்பதால் இதை முழு வெற்றியாகச் சொல்லவில்லை. விவசாய வீடுகளின் 96,000ஐ இந்த முறையால் தொட முடியவில்லை. மழை தவறினாலும் மிகுந்தாலும் அவை ஒன்றாக நின்றுவிடுகின்றன. அந்தப் பகுதியை எப்படி நடத்துவது என்று என் அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.”

தாத்தா இதில் வரவில்லை. வர இடமும் இல்லை. வேறு பத்தியில் ஒரு வரியில் வந்துவிட்டுப் போகட்டும்.

அனுப்பும் முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. இந்த எண்களை வெளியே காட்ட அப்பாவிடம் கேட்டீர்களா? ‘ஊர்க் கணக்கை எதுக்கும்மா யாருக்கோ காட்டணும்?’ என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கியவர்கள் கடைக்காரரை நம்பித்தான் எழுதச் சொன்னார்கள். பெயருக்குப் பதில் குறியீடு போட்டு, தெருப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் எடுத்துவிட்டு, அவரிடமே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். நேர்காணலுக்கு நோட்டின் நகல் பக்கம் ஒன்றை எடுத்துப் போவதானால் பெயர் இருக்கும் மேல்வரியை மடித்துவிட்டு நகல் எடுங்கள். பேனாவால் அடித்தால் வெளிச்சத்தில் தெரியும்.